கைபேசி எண்ணைக் கூகுள் ஏற்க மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதிய ஜிமெயில் கணக்கு தொடங்கும்போது பெயர், பிறந்த தேதி, விரும்பிய முகவரி ஆகிய அனைத்தும் ஏற்கப்பட்ட பின்னர், கைபேசி எண்ணைக் கேட்கும் திரையில் வந்து பதிவு நின்றுவிடுவது பலருக்கும் நேர்கிறது. எண் தம்முடையதுதான், சிம் அட்டை தம் கைபேசியிலேயேதான் இருக்கிறது, குறுஞ்செய்திகளும் தடையின்றி வருகின்றன. ஆனாலும் அந்த எண்ணை ஏற்க முடியாது என்று செந்நிற எழுத்தில் ஒரு வரி தோன்றுகிறது. எண்ணில் ஏதோ கோளாறு என்று எண்ணிச் சிம்மைக் கழற்றி மாட்டுவதும், கைபேசியை அணைத்து எழுப்புவதும், அதே எண்ணைத் திரும்பத் திரும்ப இடுவதும் இங்கே பயன் தருவதில்லை. ஒரே எண்ணைக் கொண்டு எத்தனை கணக்குகள் தொடங்கலாம் என்பதற்குக் கூகுள் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. போலிக் கணக்குகளைக் கூட்டங்கூட்டமாகத் தொடங்குவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. வரம்பு எத்தனை என்பதைக் கூகுள் வெளியிடுவதில்லை. ஆகவே ‘இத்தனை கணக்கு வரை தொடங்கலாம்’ என்று யாரேனும் உறுதியாகச் சொன்னால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் இந்த வரம்பை எட்டுபவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்கள் அல்லர். புதிய கைபேசி வாங்கும் ஒவ்வொரு முறையும் பழைய கடவுச்சொல் நினைவில் இல்லாததால் கடைக்காரரே ஒரு புதிய கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் ஒருவரின் எண்ணைக் கொண்டே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கணக்குகள் தொடங்கப்படுகின்றன. இப்படிச் சில ஆண்டுகள் சென்றால், அந்த எண்ணின் மேல் யாரும் திறந்து பார்க்காத பல கணக்குகள் சேர்ந்துவிடும். ஆகவே மறுப்பு வந்தவுடன், வேறு எந்த எண்ணை இடலாம் என்று தேடுவதற்கு முன்பு, தமக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. பலருக்குப் புதிய கணக்கே தேவைப்படுவதில்லை.

அறிகுறி 1: எண் பலமுறை பயன்படுத்தப்பட்டுவிட்டது என்ற செய்தி

திரையில் வரும் வரி பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

```
This phone number has already been used too many times for verification.
```

இந்த வரிக்கு ஒரே பொருள்தான் உண்டு. எண் சரியானது, குறுஞ்செய்தி பெறக்கூடியது, ஆனால் கணக்கு தொடங்குவதற்கான அதன் அளவு தீர்ந்துவிட்டது. காத்திருந்து மறுநாள் முயன்றாலும் இதே வரிதான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

இப்போது பழைய கணக்கைத் தேட வேண்டும். உலாவியில் கீழ்க்காணும் முகவரியைத் திறக்கவும். கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தில் `Forgot email?` என்பதைத் தொட்டாலும் இதே பக்கத்துக்குத்தான் செல்லும்.

```
https://accounts.google.com/signin/usernamerecovery
```

முதலில் கைபேசி எண்ணையோ, கணக்கை மீட்க உதவும் என்று முன்பே பதிந்துவைத்த மீட்பு மின்னஞ்சலையோ கேட்கும். அடுத்த திரையில் கணக்கில் உள்ள பெயரைக் கேட்கும். இரண்டும் பொருந்தினால் அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அதை இட்டவுடன், அந்த எண்ணும் அந்தப் பெயரும் கொண்ட கணக்குகளின் பட்டியல் தோன்றும்.

பெரும்பாலோர் தடுக்கி நிற்பது பெயரைக் கேட்கும் இந்தத் திரையில்தான். கணக்கில் எந்தப் பெயர் எழுதப்பட்டதோ அதே பெயரை இட வேண்டும். ஆனால் நம் பெயர்களில் முதலெழுத்து எங்கே வரும் என்பதற்கு நிலையான வழக்கம் இல்லை. கூகுளின் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருப்பதால், ஒருவர் முதலெழுத்தை முதல் கட்டத்திலும், மற்றொருவர் இரண்டாம் கட்டத்திலும், வேறொருவர் தந்தையின் முழுப் பெயரையும் இட்டிருப்பார். கணக்கைத் தொடங்கியவர் கடைக்காரர் என்றால், அவர் தமக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். தையற்கடை நடத்தும் ஒரு பெண்மணிக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணவர் பெயர் குமார். பழைய கைபேசி உடைந்து புதியது வாங்கியிருக்கிறார், கடையில் புதுக் கணக்கு தொடங்க முயன்றபோது மேற்கண்ட வரி வந்தது. மீட்புப் பக்கத்தில் தம் எண்ணை இட்டு, முதற்பெயராக `Selvi` என்றும் கடைசிப்பெயராக `K` என்றும் இடுகிறார். கணக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று வருகிறது. இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விட்டு முயல்கிறார். அதற்கும் அதே விடை. இந்த இடத்தில் ஊகித்துக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, கணக்கின் தடயம் வேறெங்கே இருக்கும் என்று பார்ப்பது நல்லது. ரயில் முன்பதிவுக் கணக்கு, வங்கிச் செயலி, மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிப் படிவம் ஆகியவற்றில் மின்னஞ்சல் முகவரி இருக்கக்கூடும். உடைந்த கைபேசியின் திரை இன்னும் ஒளிர்கிறது என்றால், வாட்ஸ்அப்பின் `Settings` பகுதியில் `Chats`, அதற்குள் `Chat backup` என்று சென்றால், உரையாடல்களைச் சேமிக்கும் கூகுள் கணக்கின் முகவரி அங்கேயே எழுதப்பட்டிருக்கும். கைபேசியின் அமைப்புகளில் கணக்குகளுக்கான பகுதியிலும், பிளே ஸ்டோரின் மேல்மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டாலும் அதே முகவரி தெரியும்.

செல்விக்கு அவருடைய வங்கிச் செயலியில் `selvikumar` என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கிறது. இதிலிருந்து கடைக்காரர் பெயரை `Selvi`, `Kumar` என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார் என்று புரிகிறது. அந்தப் பெயரை இட்டவுடன் குறியீடு வருகிறது, பட்டியலில் இரண்டு கணக்குகள் தோன்றுகின்றன. எது தேவையானது என்று எப்படி அறிவது? பழைய படங்களும் தொடர்புப் பட்டியலும் இருப்பதுதான் தேவையானது. உள்ளே சென்று பார்த்தால்தான் தெரியும். கடவுச்சொல் நினைவில் இல்லாததால் அடுத்து இந்தப் பக்கத்துக்குச் செல்ல வேண்டும்:

```
https://accounts.google.com/signin/recovery
```

இதைச் செய்யும் இடமும் கருவியும் முக்கியமானவை. அந்தக் கணக்கை முன்பு பயன்படுத்திய கைபேசியில் அல்லது கணினியில், வழக்கமான உலாவியில், வீட்டிலோ பணியிடத்திலோ இருந்துகொண்டு முயலுமாறு கூகுளே அறிவுறுத்துகிறது. அறிமுகமில்லாத பிரவுசிங் சென்டரில் அமர்ந்து முயன்றால், சரியான விடைகளைத் தந்தாலும் உரியவர்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்று மறுப்பு வர வாய்ப்பு அதிகம். செல்வியிடம் பழைய கைபேசி இல்லையென்றாலும், வீட்டு வைஃபையில் இணைந்து புதிய கைபேசியில் முயல்வது கடையில் முயல்வதைவிட மேலானது.

இந்தத் தேடல் பயன் தராமல் போகக்கூடிய இரண்டு நிலைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். சரிபார்ப்புக்காக மட்டும் ஒருமுறை பயன்பட்ட எண், அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாகவும் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. பதிவாகாவிட்டால் எண்ணைக் கொண்டு அந்தக் கணக்கைத் தேட முடியாது. அடுத்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்து, அதே ஆண்டு டிசம்பரிலிருந்து செயல்படுத்தத் தொடங்கியது. 2018இல் தொடங்கி மறந்துபோன கணக்கு இன்று இல்லாமலே போயிருக்கலாம்.

பழைய கணக்குகளை அழித்துவிட்டால் எண்ணில் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அழித்தால் எண்ணிக்கை குறையும் என்று கூகுள் எங்கும் உறுதி தரவில்லை. அழிக்கப்பட்ட ஜிமெயில் முகவரியில் அதே நபர்கூட மீண்டும் புதிய கணக்கு தொடங்க முடியாது. அந்த முகவரிக்கு வந்துகொண்டிருந்த வங்கிச் செய்திகளும் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் அதனோடு போய்விடும்.

அறிகுறி 2: எண்ணைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்த முடியாது என்ற செய்தி

```
This phone number cannot be used for verification.
```

இந்த வரி சற்றுக் குழப்பமானது. எண்ணின் அளவு தீர்ந்தபோதும் இது வரலாம். எண்ணின் வகையே ஏற்கத்தக்கதல்ல என்னும்போதும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இது கடையில் வாங்கிய சிம்முக்குரிய எண்ணா, அல்லது இணையத்தில் கிடைத்த எண்ணா? இணையத்தில் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும் தற்காலிக எண்கள் ஆயிரக்கணக்கானவர்களால் முன்பே பயன்படுத்தப்பட்டவை. அவை மறுக்கப்படுவதே வழக்கம். ஏற்கப்பட்டால்தான் ஆபத்து பெரிது. அத்தகைய தளங்களில் வரும் குறியீட்டை அங்கே இருக்கும் எவரும் படிக்க முடியும். சில மாதங்கள் கழித்துப் புதிய கருவியில் உள்நுழையும்போது கூகுள் அதே எண்ணுக்குக் குறியீடு அனுப்பினால், அந்த எண் நம் கையில் இருக்காது, கணக்கு கைவிட்டுப் போகும். தொடங்கிவைத்த கணக்கை விலைக்கு வாங்குவதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

எண் உண்மையான சிம்முக்குரியது, ஆனால் அண்மையில் வாங்கியது, தாம் அதைக் கொண்டு ஒரு கணக்கும் தொடங்கியதில்லை என்றால், அந்த எண் முன்பு வேறொருவரிடம் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைபேசி எண் குறைந்தது 90 நாட்கள் கழித்துப் புதிய வாடிக்கையாளருக்கு வழங்கப்படுகிறது. முந்தைய உரிமையாளர் தொடங்கிய கணக்குகளின் எண்ணிக்கை எண்ணோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த நிலையில் எண்ணைக் கொண்டு பழைய கணக்கைத் தேடினால் முன்பின் அறியாத ஒருவரின் கணக்கு கண்ணில் படலாம். குறியீடு நம் கைபேசிக்கு வருகிறது என்பதற்காக அதற்குள் நுழைவது பிறர் வீட்டுக்குள் நுழைவதற்கு ஒப்பானது. அந்தத் திரையை மூடிவிட்டு, கீழே சொல்லப்படும் வேறு எண் வழியைக் கைக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 3: குறியீடு வரவில்லை, அல்லது எண்ணின் வடிவம் தவறு என்கிறது

இதற்கும் கணக்கு எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. நாடு இந்தியா என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முன்னால் சுழியம் இடாமல் பத்து இலக்கங்களை மட்டும் இடவும். குறியீடு தாமதமானால் சில நிமிடங்கள் பொறுத்திருக்கவும்; ‘மீண்டும் அனுப்பு’ என்பதை அடுத்தடுத்து அழுத்தினால் முயற்சிகள் மிகுதியாகிவிட்டன என்று கூகுள் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். அந்த நிறுத்தம் காத்திருந்தால் நீங்கக்கூடியது. அறிகுறி 1 அப்படிப்பட்டதல்ல. சில வேளைகளில் எண்ணைக் கேட்பதற்குப் பதிலாகக் கணினித் திரையில் கியூஆர் குறியீடு தோன்றும். அதைக் கைபேசியால் படித்தால் முன்னரே எழுதப்பட்ட ஒரு குறுஞ்செய்தி திறக்கும். அதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அனுப்ப வேண்டும். இங்கே செய்தி நம் பக்கத்திலிருந்து செல்வதால், ரீசார்ஜ் திட்டத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்க வேண்டும்.

உண்மையிலேயே புதிய கணக்கு தேவை என்றால்

பழைய கணக்கு கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் திறக்க முடியவில்லை என்பது உறுதியான பிறகு, வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணை அவருடைய சம்மதத்தோடு பயன்படுத்துவதே நேரான வழி. அக்காவோ மாமாவோ அருகிலேயே இருக்க, அவர் தம் கைபேசிக்கு வரும் குறியீட்டைத் தாமே படித்துச் சொல்ல வேண்டும். தெரியாத ஒருவர் தொலைபேசியில் குறியீடு கேட்டால் தரக் கூடாது என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கணக்கு தொடங்கிய அன்றே `myaccount.google.com` பக்கத்துக்குச் சென்று, `Personal info` பகுதியில் தொலைபேசி என்ற இடத்தில் தம் சொந்த எண்ணைச் சேர்க்க முயல வேண்டும். கணக்கு தொடங்குவதற்கான சரிபார்ப்பும், இருக்கும் கணக்குக்கு மீட்பு எண் சேர்ப்பதும் வெவ்வேறு படிகள். முன்னதில் மறுக்கப்பட்ட எண் பின்னதில் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. ஏற்கப்பட்டவுடன் உறவினரின் எண்ணை நீக்கிவிடலாம். மீட்பு எண்ணை மாற்றிய பின்னரும் ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பக் கூகுள் முன்வரலாம் என்பதால், அந்த ஒரு வாரமும் உறவினரிடம் தகவல் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொந்த எண் அங்கேயும் மறுக்கப்பட்டால், வேறொரு மின்னஞ்சலை மீட்பு முகவரியாகச் சேர்த்துக்கொள்ளவும். மீட்பு வழி எதுவுமே இல்லாமல் கணக்கை விட்டுவிடுவதுதான் மீண்டும் இதே சிக்கலில் கொண்டுவந்து விடும்.

படிவத்தில் எவற்றை எழுதினால் ஏற்கும்

எண் ஏற்கப்பட்டும் மற்ற விவரங்களில் பதிவு நின்றுபோவதுண்டு. முகவரிக்கான பெயர் 6 முதல் 30 எழுத்துகளுக்குள், ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், புள்ளி ஆகியவற்றால் மட்டும் அமைய வேண்டும். அடிக்கோடும் இணைப்புக்கோடும் ஏற்கப்படுவதில்லை, இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரக் கூடாது. புள்ளியைக் கூகுள் கணக்கில் கொள்வதில்லை என்பது பலரும் அறியாத ஒன்று. `selvikumar` என்ற பெயர் வேறொருவரிடம் இருந்தால் `selvi.kumar` என்பதும் அவருடையதே. ஆகவே புள்ளியின் இடத்தை மாற்றி மாற்றி முயல்வது வீண். அதற்குப் பதிலாகத் தொழிலையோ ஊரையோ சேர்த்தால் எளிதில் கிடைக்கும், சொல்லும்போது பிறருக்கும் புரியும். கைபேசி எண்ணை முகவரியில் சேர்க்க வேண்டாம் என்பேன்: முகவரியைப் பார்க்கும் எல்லோருக்கும் எண் தெரிந்துவிடும், எண் மாறினாலும் முகவரி அப்படியே நிற்கும். எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் மட்டும் கொண்ட பெயரைக் கூகுளும் ஏற்பதில்லை.

பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதி, எந்தக் கட்டத்தில் என்ன இட்டோம் என்பதை ஒரு தாளில் குறித்து வைக்கவும். செல்வியின் தேடல் தடைப்பட்டது இந்த ஒரு குறிப்பு இல்லாததால்தான்.

பிறந்த தேதியில் விளையாட வேண்டாம். அவசரத்தில் ஆண்டுக்கான கட்டத்தில் நடப்பு ஆண்டையோ அதற்குச் சற்று முந்தைய ஆண்டையோ இட்டுவிட்டால், இந்தியாவில் தனிக் கணக்குக்குரிய வயதான 13 நிரம்பாதவர் என்று கொண்டு, பெற்றோரின் கணக்கைக் கேட்கும். உண்மையிலேயே 13 வயது நிரம்பாத பிள்ளைக்கு அதுவே முறையான வழி: பெற்றோர் தம் கணக்கால் உள்நுழைந்து ஒப்புதல் அளித்து, பிள்ளைகளின் கணக்குகளைப் பெற்றோர் மேற்பார்வையிட உதவும் ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளையின் கணக்கைத் தொடங்க வேண்டும். பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதித் தொடங்கிய கணக்கில் பின்னர் உண்மைத் தேதியைத் திருத்தினால், கணக்கு முடக்கப்படும் நிலை வரும்.

ஒரு வகுப்புக்கே கணக்குகள் தொடங்க வேண்டியிருந்தால்

ஆசிரியர் ஒருவர் தம் எண்ணைக் கொண்டு மாணவர்கள் அனைவருக்கும் கணக்கு தொடங்க முற்பட்டால் சிலவற்றிலேயே எண் தீர்ந்துவிடும். ஒரே இணைய இணைப்பிலிருந்து அடுத்தடுத்துத் தொடங்குவதும் ஐயத்துக்கு இடம் தரும். இதற்கு வேறு எண்களைத் தேடுவது தீர்வாகாது. பள்ளியின் பெயரில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்; தகுதி பெறும் கல்வி நிறுவனங்களுக்கு அதன் அடிப்படைப் பதிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. பள்ளிக்கென டொமைன் எனப்படும் ஓர் இணையப் பெயர் வேண்டும், அது பள்ளிக்குரியதுதான் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதன்பின் நிர்வாகியாக இருக்கும் ஆசிரியர், மாணவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரே கோப்பாக ஏற்றிக் கணக்குகளை உருவாக்கலாம். தனிநபர் பதிவுப் படிவத்தில் உள்ளதுபோல் ஒவ்வொருவருக்கும் எண்ணைச் சரிபார்க்கும் படி அங்கே இல்லை. மாணவர் கடவுச்சொல்லை மறந்தாலும் ஆசிரியரே மாற்றித் தர முடியும் என்பதால், மறந்த ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு தொடங்க வேண்டிய நிலையும் வராது.